சுவரில் ஆறு லட்சம், கல்லாவில் ஆயிரத்து ஐந்நூறு: ஒரு தையல் கடையின் மூன்று மாதக் கணக்கு

ஈரோடு பக்கம் ஒரு சிறு நகரத்தில் நடந்தது இது. நான் சின்னக் கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதுகிறவன். கடைக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் கண்டுபிடிக்க உதவும் விவரங்களை மாற்றி, தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். பணம் போன வழியும் நாங்கள் எடுத்த முடிவுகளும் நடந்தபடியே இருக்கின்றன.

## பின்னணி

கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினெட்டு வருடமாகத் தைக்கிறார். நான்கு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின். கட்டிங் அவரே செய்வார். காஜா, பட்டன், அயர்ன் வேலையை மனைவியும் இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொள்வார்கள். மூன்று பேர் பீஸ் ரேட்டில் தைக்கிறார்கள், அவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. கடை வாடகை 14,000. ஐந்தாம் தேதிக்குள் தர வேண்டும். கட்டிடம் வயதான ஓர் அம்மாவுடையது, அவருக்கு வேறு வருமானம் கிடையாது.

பேன்ட், சட்டை, ஜாக்கெட் என்று தெருக்காரர்கள் கொடுக்கும் சில்லறைத் தையலில்தான் கடை பல வருடம் ஓடியது. துணி வாடிக்கையாளருடையது, தைத்ததை வாங்கும்போதே காசு வந்துவிடும். அந்த வியாபாரத்தில் வேலையும் பணமும் ஒரே நாளில் முடிவதால் கணக்கு முறை என்று ஒன்று தேவைப்படவே இல்லை.

இந்த வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து 600 ஜோடி சீருடைக்கு ஆர்டர் வந்தது. துணியும் இவரே போட வேண்டும். ஜோடி 650 ரூபாய், மொத்தம் 3,90,000. பத்து சதவீதம் முன்பணம், அதாவது 39,000. மீதி “பெற்றோர் ஃபீஸ் கட்டினதும்” என்று வாய்ப்பேச்சு. தேதி எதுவும் எழுதவில்லை.

## ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஒரு ஜோடிக்கு இவருக்கு ஆகும் செலவு: துணி 320, நூல், பட்டன், ஜிப், கேன்வாஸ் எல்லாம் சேர்த்து 25, தையல் கூலி 130, காஜாவுக்கும் அயர்னுக்கும் 20. மொத்தம் 495. ஜோடிக்கு 155 மிச்சம் என்றால் 600 ஜோடிக்கு 93,000. இந்தக் கணக்கை அவர் ஆர்டர் எடுக்கும்போதே மனதில் போட்டிருந்தார், சரியாகவும் போட்டிருந்தார். விலையில் அவர் ஏமாறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி நிலைமையைப் பார்க்கிறவர்கள் “ரேட் கம்மியா பேசியிருப்பான்” என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

துணி மொத்தம் 1,92,000. ஈரோட்டுத் துணிக் கடைக்காரர் பாதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு மீதி 96,000-க்கு முப்பது நாள் கடன் கொடுத்தார். கையில் 48,000 இருந்தது. அதோடு முன்பணத்தைச் சேர்த்தும் போதாமல் மனைவியின் வளையலை அடகு வைத்து 60,000 வாங்கினார். மே மாதம் துணிக்காரர் கேட்கத் தொடங்கியதும், தெரிந்தவர் ஒருவரிடம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் இன்னொரு 60,000 கைமாற்று.

மூன்று மாதத்தில் கல்லாவுக்குள் வந்ததும் போனதும் இப்படி. சில்லறைத் தையல் வரவில் வீட்டுச் செலவுக்கு எடுத்தது போக மீதியை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

| மாதம் | தொடக்க இருப்பு | உள்ளே | வெளியே | முடிவில் |
|---|---|---|---|---|
| ஏப்ரல் | 48,000 | 1,21,000 | 1,67,000 | 2,000 |
| மே | 2,000 | 78,000 | 76,500 | 3,500 |
| ஜூன் | 3,500 | 19,000 | 21,000 | 1,500 |

ஏப்ரல் வாடகை போய்விட்டது. மே மாதமும் ஜூனும் போகவில்லை. கூலியை நிறுத்தினால் சீசன் நடுவில் ஆட்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள், கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். காத்திருக்கக் கூடியவர் அந்த அம்மா ஒருவர்தான். அதனால் அவர்தான் காத்திருந்தார்.

ஜூன் 10-க்குள் 600 ஜோடியும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜூன் கடைசி வாரத்தில் அந்த அம்மா கடைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். அன்று சாயங்காலம்தான் கடைக்காரர் எனக்கு ஃபோன் செய்தார். “ஆர்டர் இருக்குதுங்க தம்பி, வேலையும் முடிச்சுக் குடுத்தாச்சு. வாடகைக்குத்தான் வழியில்லீங்க. எங்கயோ காசு ஒழுகுது, வந்து பாருங்க” என்றார்.

## கடையில் பார்த்தது

காசு எங்கும் ஒழுகவில்லை. ஆளும் திருடவில்லை, துணியும் வீணாகவில்லை. கட்டிங் கழிவுகூட வழக்கத்தைவிடக் குறைவுதான்.

கட்டிங் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய காலண்டர் தொங்கியது. அதன் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் 6,62,000 என்று எழுதியிருந்தது. இந்தப் பள்ளி 3,90,000, ஜூன் மாதம் இன்னொரு பள்ளி பேசியிருந்த 400 ஜோடிக்கு 680 வீதம் 2,72,000. இரண்டையும் கூட்டி “இந்த வருஷ வருமானம்” என்று வைத்திருந்தார். புது ஓவர்லாக் மெஷினுக்கு விலைகூட விசாரித்திருக்கிறார்.

ஒரு நோட்டு இருந்தது. அதில் வந்த பணமெல்லாம் ஒரு பக்கம், போன பணமெல்லாம் இன்னொரு பக்கம். அடகுப் பணமும் கைமாற்றும் வரவுப் பக்கத்தில், சில்லறைத் தையல் காசோடு கலந்து நின்றன. எனவே ஏப்ரலில் நல்ல வரவு என்று நோட்டு சொன்னது. அந்த மாதம் உள்ளே வந்த 1,21,000-ல் சம்பாதித்த பணம் 22,000 மட்டும்தான். 60,000 கடன். 39,000 முன்பணம், சரக்கைக் கொடுக்கும்வரை அதுவும் பள்ளிக்கு இவர் பட்ட கடன்தான்.

மூன்றாவதாக ஒன்றைக் கண்டபோது எனக்கே கொஞ்சம் தலை சுற்றியது. பள்ளிக்குச் சரக்கு ஐந்து தவணையாகப் போயிருந்தது. ஐந்து டெலிவரி சலானிலும் கையெழுத்து இருந்தது. “பில் எங்கேண்ணா?” என்று கேட்டேன். பில் போடவே இல்லை. பணம் தரும்போது கேட்பார்கள், அப்போது எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டார். பதினேழு நாளாக அந்தப் பள்ளியின் கணக்குப் பிரிவைப் பொறுத்தவரை இப்படி ஒரு கடனே கிடையாது.

## ஒரே ஆர்டர், இரண்டு கணக்கு

அன்று இரவு ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பத்தி போட்டு அவருக்கு எழுதிக் காட்டினேன். ஒன்றுக்கு ‘கல்லா’ என்றும் இன்னொன்றுக்கு ‘பில்’ என்றும் பெயர் வைத்தோம். கணக்குப் படித்தவர்கள் முதலாவதை கேஷ் முறை என்பார்கள், இரண்டாவதை அக்ரூவல் முறை என்பார்கள்.

கல்லாக் கணக்கில் பணம் கைக்கு வரும் நாளில்தான் வருமானம், கையை விட்டுப் போகும் நாளில்தான் செலவு. இந்தப் பள்ளி ஆர்டரை அப்படிப் பார்த்தால் ஜூன் 30 வரை வந்தது 39,000. துணிக்கு ரொக்கம் 96,000, மே மாதம் கொடுத்த 25,000, சாமான் 15,000, கூலி 90,000 என்று போனது 2,26,000. 1,87,000 பள்ளம். நல்ல ஆர்டர்தான், ஆனால் கல்லாவைப் பார்த்தால் கடையே மூழ்கியது போல இருக்கிறது.

பில் கணக்கில் சரக்கைக் கொடுத்து முடித்து, பணம் கேட்கும் உரிமை வந்த நாளில் வருமானம். அந்த வருமானத்துக்காக ஆன செலவு, பணம் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், அதே பத்தியில் வந்து நிற்கும். வருமானம் 3,90,000, செலவு 2,97,000, மிச்சம் 93,000. அதிலிருந்து மூன்று மாத வாடகை 42,000. இரண்டு மாத வாடகை இன்னும் கொடுக்கவில்லையே என்றார். கொடுக்காவிட்டாலும் கடையில் இருந்தாயிற்று, அது செலவுதான். கரண்ட் 9,000. இதில் ஏப்ரல், மே மாதத்துக்குக் கட்டியது 6,000. ஜூனுக்கு இன்னும் பில்லே வரவில்லை, ஆனாலும் மெஷின் ஓடியிருக்கிறது, ஆகவே உத்தேசமாக 3,000. வட்டி எல்லாம் சேர்த்து 5,500. கடைசியில் நிற்பது 36,500. சில்லறைத் தையலைச் சேர்க்காமலேயே கடை லாபத்தில்தான் இருந்தது.

“அப்ப 36,500 எங்கீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அது பள்ளியிடம் இருக்கிறது. பள்ளி தர வேண்டியது 3,51,000. அதே நாளில் இவர் தர வேண்டியது: துணிக்காரருக்கு 71,000, கைமாற்று 60,000, அடகு 60,000, வாடகை 28,000, விட்டுப்போன மெஷின் தவணை 6,500. வட்டி தனி. லாபமும், கடன் வாங்கிப் போட்ட முதலும் ஒன்றாகப் பள்ளியின் கையில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

சுவரில் இருந்த 6,62,000 இந்த இரண்டு கணக்கிலும் வராது. இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஆர்டர் புக் ஆன நாளில் கல்லாவிலும் எதுவும் நடக்கவில்லை, பில் கணக்கிலும் எதுவும் நடக்கவில்லை. 6,62,000 பேசியது. 3,90,000 கொடுத்து முடித்தது. 39,000 வந்தது. வாடகை கடைசி எண்ணிலிருந்துதான் போகும். அவர் திட்டம் போட்டதோ முதல் எண்ணை வைத்து.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. வருமான வரிக்கு இவரைப் போன்ற தனிநபர் கடைக்காரர் இரண்டில் எந்த முறையையும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததை வருடாவருடம் மாற்றாமல் பின்பற்ற வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு அக்ரூவல் முறைதான் கட்டாயம். ஜிஎஸ்டியும் பெரும்பாலும் பில்லைத்தான் பார்க்கும். சரக்கு மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் வருடத்துக்கு 40 லட்சம் என்பது பதிவு வரம்பு, இவரைப் போலத் தையல் கூலி வேலையும் செய்பவர்களுக்கு 20 லட்சம், இவர் அதற்குக் கீழே இருந்ததால் தப்பித்தார். பதிவு செய்தவராக இருந்திருந்தால் சீருடைக்கு 5 சதவீதம், அதாவது 19,500 ரூபாயை, துணியில் கட்டிய வரி போக, அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். பள்ளி பணம் தரவில்லை என்ற பதில் அங்கே செல்லாது.

## எடுத்த முடிவுகள்

முதல் வேலை பில். மறுநாளே ஐந்து சலான் எண்ணையும் குறிப்பிட்டு 3,51,000-க்கு பில் எழுதி, பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். தாளாளரைப் பார்த்துப் பேசியதில் ஜூலை 5-ம் தேதி முதல் தொகை வரும் என்றார்.

இரண்டாவது, அந்த அம்மா. கைநிறைய ஆர்டர் இருக்கிறது என்று இரண்டு மாதமாக அவரிடம் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கே மதிப்புப் போயிருந்தது. இந்த முறை முத்திரை போட்ட பில் நகலை எடுத்துக்கொண்டு போனோம். ஜூலை 7-ம் தேதி இரண்டு மாத வாடகையும் தருவதாகச் சொன்னார். அந்த அம்மா பில்லை ரொம்ப நேரம் படித்துப் பார்த்துவிட்டு, “இத மொதல்லயே காட்டியிருக்கலாமில்ல” என்றார்.

மூன்றாவது முடிவுதான் கடினமானது. இரண்டாவது பள்ளி பத்து சதவீதம், அதாவது 27,200 முன்பணம் தரத் தயாராக இருந்தது. வாடகை பாக்கி 28,000. இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நின்றதில் அவருக்கு அது கடவுள் அனுப்பியது போலத் தெரிந்தது. வாங்கினால் அன்றே வாடகைத் தொல்லை தீரும். ஆனால் அந்த ஆர்டரை முடிக்கத் துணிக்கு 1,28,000, சாமானுக்கு 10,000, கூலிக்கு 60,000, ஆக 1,98,000 வெளியே போக வேண்டும். முதல் பள்ளியின் பணமே வராத நேரத்தில் அதற்கு மூன்றாவது கடன் வாங்க வேண்டியிருக்கும். முன்பணம் அந்தப் பிள்ளைகளின் துணிக்கு வந்த காசு. அதை எடுத்து வாடகைக்குக் கொடுத்தால் பள்ளம் அப்படியே இருக்கும், ஆகஸ்டுக்குத் தள்ளிப் போயிருக்கும்.

ஆர்டரை விட வேண்டாம், நிபந்தனையை மாற்றிக் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். துணியைப் பள்ளியே கடையில் பணம் கட்டி எடுக்கட்டும். இவர் சாமானும் தையலும் மட்டும், ஜோடி 260. நூறு நூறாகக் கொடுத்து, நூறுக்கு ஒரு பில். நூறு ஜோடிக்கு இவர் கையிலிருந்து போவது 17,500, வருவது 26,000. அவருக்கு இது பிடிக்கவில்லை. பழைய நிபந்தனையில் ஜோடிக்கு 185 நிற்கும், புதியதில் 85. “பாதிக்கு மேல லாபம் போகுதுங்களே தம்பி” என்றார். உண்மைதான். 74,000 வரவேண்டிய இடத்தில் 34,000. பில் கணக்கு பழைய நிபந்தனையை எடுக்கச் சொன்னது, கல்லாக் கணக்கு புதியதை. அந்த மாதம் கல்லாவின் பேச்சைக் கேட்டோம். கையில் இரண்டு லட்சம் சும்மா இருக்கிறவர் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

## அதன் பிறகு

ஜூலை 5 வந்தது, பணம் வரவில்லை. நாற்பது பேன்ட்டில் உயரம் சரியில்லை என்று புகார் வந்திருப்பதாகவும், அது தீர்ந்ததும் காசோலை எழுதுவதாகவும் சொன்னார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் கொடுத்தார். வாடகைக்குச் சொன்ன தேதி தவறியது. அந்த அம்மாவிடம் நானும் கூடப் போய் நின்றேன். சங்கடமான பத்து நிமிடம்.

ஜூலை 18-ல் 1,50,000 வந்தது. வாடகை பாக்கி 28,000 அன்றே போனது. கைமாற்றை வட்டியோடு 63,000-க்கு அடைத்தோம். மெஷின் தவணை இரண்டு சேர்த்து 13,000, துணிக்காரருக்கு 25,000. மீதி 21,000-ல் ஜூலை வாடகையும் அடுத்த வேலைக்கான நூலும் பட்டனும். ஆகஸ்ட் 12-ல் 1,40,000. வளையல் வீட்டுக்கு வந்தது, துணிக்காரரின் மீதி 46,000 தீர்ந்தது. கடைசித் தொகை 61,000-ல் புகாருக்காக 8,000 கழித்துக்கொண்டு 53,000-ஐ செப்டம்பரில் கொடுத்தார்கள். ஜூன் 30 வரைக்கும் என்று நான் எழுதிக் காட்டிய 36,500 லாபம் அதனால் 28,500 ஆனது. பில் போட்ட தொகை முழுதும் வந்தே தீரும் என்று எழுதுவது அக்ரூவல் முறையின் பலவீனம். வராமல் போகக் கூடியதற்கு முன்கூட்டியே கொஞ்சம் ஒதுக்கியிருக்க வேண்டும், நான் ஒதுக்கவில்லை.

இன்னொன்றையும் பார்த்தோம். கல்லா நோட்டின்படி ஜூலையும் ஆகஸ்டும்தான் அந்த வருடத்தின் அமோகமான மாதங்கள். உண்மையில் ஜூலையில் பாதி நாள் மெஷின் சும்மா கிடந்தது. ராத்திரி பன்னிரண்டு வரை தைத்த மே மாதம் நோட்டில் வறண்டு தெரிகிறது.

இரண்டாவது பள்ளி புதிய நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு நூறுக்கும் பணம் வர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆனது. ஆகஸ்ட் வாடகை ஐந்தாம் தேதியே போனது.

## இனி மாற்றிச் செய்வது

பள்ளி சொன்ன தேதியை அப்படியே நம்பி அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுக்க வைத்தது என் தவறு. இப்போது இவருடைய எட்டு வாரப் பணக் கணக்கை எழுதும்போது, நிறுவனங்கள் சொல்லும் தேதியோடு மூன்று வாரம் கூட்டித்தான் போடுகிறேன்.

ஜூலைப் பணத்தில் வட்டி அதிகம் என்பதற்காகக் கைமாற்றை முழுதாக அடைக்கச் சொன்னதும் யோசிக்க வேண்டியதுதான். மூன்று மாதம் தாமதமானதில் துணிக்காரர் மனம் கசந்து, இனி ரொக்கம் மட்டும் என்று சொல்லிவிட்டார். வட்டியில்லாத முப்பது நாள் கடன் என்பது இந்தத் தொழிலில் மெஷினுக்குச் சமமான சொத்து. பணத்தை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் அப்போது இல்லை. இருந்திருந்தால், குறுந்தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று பள்ளியிடம் சுட்டிக்காட்டியிருக்கலாம். ஆகஸ்டில் பதிவு செய்துவிட்டோம், பழைய பில்லுக்கு அதை நம்ப முடியாது. வாடிக்கையான பள்ளியோடு வழக்குக்குப் போக அவர் விரும்பவும் மாட்டார். ஆனாலும் பில்லின் அடியில் பதிவு எண்ணும் 45 நாள் என்ற வரியும் அச்சாகியிருக்கின்றன.

காலண்டர் இன்னும் அதே சுவரில்தான் தொங்குகிறது. ஓரத்தில் இப்போது மூன்று எண்கள்: பேசியது, கொடுத்தது, வந்தது. முதலாவதை அவர் பென்சிலால் எழுதுகிறார்.